சிறப்பு விரிவுரைக்குத் தொழில்துறை வல்லுநரை அழைப்பதும் அட்டவணையில் இடம் பிடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் வல்லுநரிடம் பேசுவதா, கால அட்டவணையில் நேரம் பார்ப்பதா?

அட்டவணைதான் முதலில். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. தெரிந்த ஒருவரை அலைபேசியில் அழைத்து, "சார், எங்கள் மாணவர்களுக்கு ஒருநாள் பேச முடியுமா, உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்கிறோம். அவரும் மனதார, "வெள்ளிக்கிழமை பிற்பகல் பார்க்கலாம்" என்கிறார். அதற்குப் பிறகுதான் வெள்ளி பிற்பகல் ஒரு பிரிவுக்கு ஆய்வகம், அரங்கம் வேறு துறைக்கு என்பதெல்லாம் தெரியவருகிறது. அப்போது அவரிடம் திரும்பப் போய் நேரத்தை மாற்றக் கேட்க வேண்டும். அவர் சொல்லும் இரண்டாவது நேரமும் ஒத்துவராமல் போனால், மூன்றாம் முறை கேட்க நமக்கே கூச்சமாகிவிடும். கடைசியில் யாருடைய வகுப்பையாவது பறித்து நடத்துவோம், அல்லது விஷயம் அப்படியே நின்றுபோகும்.

ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவருக்குத் திறந்த கேள்வியைவிட இரண்டு குறிப்பிட்ட நேரங்கள் வசதி. நாட்காட்டியைத் திறந்து, இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று சொல்லிவிடலாம். "எப்போது வசதி" என்று கேட்டால் யோசிக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. அந்த மின்னஞ்சலுக்குப் பதில் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் மூன்றாம் ஆண்டில் இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு நேரம் கிடைப்பதே இல்லை. எப்படித் தேடுவது?

காலியான நேரத்தைத் தேடினால் கிடைக்காது. கல்லூரி அட்டவணையில் காலி என்று எதுவும் இருப்பதில்லை. அசைக்கக் கூடாத நேரங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் மிஞ்சுவதுதான் அசைக்கக்கூடிய நேரம்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு, அ, ஆ என இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் அளவில். பாடம் தரக் கட்டுப்பாடு. வாகன உதிரிபாக ஆலையில் தரப் பிரிவில் இருக்கும் ஒருவர் வந்து, உற்பத்தியின் அளவீடுகள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று காட்டும் வரைபடமான கண்ட்ரோல் சார்ட் பற்றிப் பேச வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஏழு பீரியட், ஒவ்வொன்றும் 50 நிமிடம். காலையில் நான்கு, மதியம் மூன்று. இரண்டாம் பீரியடுக்குப் பிறகு 20 நிமிட இடைவேளை, நான்காவதுக்குப் பிறகு உணவு இடைவேளை.

ஒரு பீரியடில் சிறப்பு விரிவுரை நடத்த முடியாது. மாணவர்கள் வந்து உட்கார்ந்து, பேச்சாளரை அறிமுகம் செய்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். எனவே இடையில் இடைவேளை வராத இரட்டைப் பீரியட் வேண்டும். ஒரு நாளில் அப்படி நான்கு இணைகள்தான் உண்டு: 1-2, 3-4, 5-6, 6-7. வாரத்துக்கு மொத்தம் 20.

முதலில் ஆய்வகங்களை அடியுங்கள். அ பிரிவுக்குத் திங்கள், புதன் பிற்பகல். ஆ பிரிவுக்குச் செவ்வாய், வியாழன் பிற்பகல். நான்கு பிற்பகல்கள் போனால் எட்டு இணைகள் குறைந்து 12 மிஞ்சும். ஆய்வகத்தை மாற்றவே முடியாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு ஆய்வக வேளை தவறினால் ஒரு சோதனையே தவறும்; அந்தக் கருவிகளுக்கு அடுத்த நாள் வேறு ஆண்டு மாணவர்கள் வருவார்கள். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது விருப்பப் பாடம். அந்த நேரத்தில் நம் மாணவர்கள் பல துறை வகுப்புகளுக்குப் பிரிந்து போய்விடுவார்கள், மற்ற துறை மாணவர்கள் நம்மிடம் வருவார்கள். அதை மாற்ற வேண்டுமானால் எல்லாத் துறைகளும் சேர்ந்து மாற வேண்டும். நம் மாதிரியில் அது திங்கள், புதன், வெள்ளி மூன்றாம் பீரியட். மூன்று இணைகள் போய் ஒன்பது. பிறகு வேறு துறையிலிருந்து கணிதம் எடுக்க வரும் ஆசிரியர். அவருடைய மற்ற வகுப்புகள் நம் கையில் இல்லை. செவ்வாயும் வியாழனும் முதல் பீரியட் அவருடையது. மிஞ்சுவது ஏழு.

அரங்கத்தைக் கடைசியில் பாருங்கள். 120 பேர் வகுப்பறையில் கொள்ளமாட்டார்கள், செமினார் ஹால் வேண்டும். அதன் பதிவேட்டில் புதன், வெள்ளி காலைகள் வாராவாரம் வேறு யாருக்கோ எழுதப்பட்டிருக்கிறது. மிஞ்சியவை ஐந்து: திங்கள் 1-2, செவ்வாய் 3-4, வியாழன் 3-4, வெள்ளி 5-6, வெள்ளி 6-7.

இதற்கு மேல் நம் அனுபவம்தான் வழிகாட்டும். வாரத் தொடக்கக் காலையில் ஆலைகளில் உற்பத்திக் கூட்டம் இருப்பது வழக்கம், அந்த நேரத்தில் தரப் பிரிவுக்காரர் வெளியே வருவது கடினம். வெள்ளி பிற்பகல் ஊருக்குக் கிளம்பும் மாணவர்களால் அரங்கம் பாதி காலியாக இருக்கும். ஆக, செவ்வாய் 3-4, வியாழன் 3-4. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் வல்லுநருக்கு எழுத வேண்டும்.

3-4 எனக்குப் பிடித்த இணை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் இடைவேளை இருப்பதால் புரொஜெக்டரையும் மைக்கையும் சரிபார்க்க நேரம் கிடைக்கும். பின்னால் உணவு இடைவேளை இருப்பதால் கேள்விகள் நீண்டாலும் அடுத்த ஆசிரியர் கதவருகே வந்து நிற்க மாட்டார்.

எங்கள் விரிவுரைக்காக மற்ற ஆசிரியர்கள் தங்கள் வகுப்பை இழக்கிறார்கள். அடுத்த முறை கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?

பலன் பெறும் பாடமே முழு விலையையும் கொடுக்க வேண்டும். வகுப்பைக் கேட்கும்போதே எந்த நாள், எந்தப் பீரியடில் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

அதே மாதிரியில் வியாழன் 3-4 முடிவானது என்று வைத்துக்கொள்வோம். அன்று அ பிரிவில் மூன்றாம் பீரியட் தரக் கட்டுப்பாடு, நான்காவது இயந்திர வடிவமைப்பு. ஆ பிரிவில் மூன்றாவது உற்பத்தி முறைகள், நான்காவது தரக் கட்டுப்பாடு. அதாவது இரண்டு ஆசிரியர்களிடம் ஆளுக்கு ஒரு பீரியட் கடன் வாங்குகிறோம். தரக் கட்டுப்பாடு எடுப்பவர், மறுநாள் வெள்ளி இரண்டாம் பீரியடில் அ பிரிவில் தனக்குள்ள வகுப்பை இயந்திர வடிவமைப்புக்கும், அடுத்த திங்கள் நான்காம் பீரியடில் ஆ பிரிவில் தனக்குள்ள வகுப்பை உற்பத்தி முறைகளுக்கும் கொடுத்துவிடுகிறார்.

கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் தரக் கட்டுப்பாட்டுக்கு இரண்டு பீரியட் குறைகிறது. விரிவுரையும் சரியாக இரண்டு பீரியட்தான். வேறு எந்தப் பாடமும் எதையும் இழக்கவில்லை.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் திருப்பித் தரும் பீரியடில் அந்த ஆசிரியர் ஓய்வாக இருக்கிறாரா என்று வகுப்பு அட்டவணையைப் பார்த்தால் தெரியாது, ஆசிரியரின் தனி அட்டவணையில்தான் தெரியும். வெள்ளி இரண்டாம் பீரியடில் அவருக்கு இரண்டாம் ஆண்டில் வகுப்பு இருந்தால், நீங்கள் கொடுத்தது வெறும் காகிதக் கடன்தான். வாயால் பேசி முடித்த பிறகு, நான்கு மாற்றங்களையும் ஒரே தாளில் எழுதி, அட்டவணைப் பொறுப்பாளர், துறைத் தலைவர் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, இரண்டு வகுப்பறைகளிலும் ஒட்டிவிடுங்கள். ஆசிரியர்கள் ஒத்துக்கொண்டும் மாணவர்களுக்குத் தெரியாமல் போய் பாதி வகுப்பு வராத கதையெல்லாம் உண்டு.

பருவத்தில் எந்த வாரம் வைத்தால் நல்லது?

அந்தப் பாடப்பகுதியின் அடிப்படை முடிந்து, உள்தேர்வும் முடிந்த வாரம். தேர்வுக்கு முந்தைய வாரம் எந்த ஆசிரியரும் பீரியட் தரமாட்டார், தந்தாலும் மாணவர்கள் அரங்கத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பார்கள். பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களும் வேண்டாம். பாடம் முடிக்கும் ஓட்டம் அப்போதுதான்.

பதினைந்து வாரப் பருவம், கண்ட்ரோல் சார்ட் ஏழு, எட்டாம் வாரங்களில், உள்தேர்வு ஒன்பதில் என்றால், விரிவுரை பத்தாம் வாரம். கடிதம் நான்காம் வாரமே போய்விட வேண்டும். ஆறு வாரம் அதிகமாகத் தோன்றலாம், ஆனால் நிறுவனத்தின் அனுமதிக்கே அதில் பாதி போய்விடும். பதினொன்றாம் வாரத்தின் அதே இரண்டு நேரங்களை மாற்றாக மனதில் வைத்திருங்கள்.

அவர் பக்கத்து நாட்காட்டியையும் பாருங்கள். மாதக் கடைசியில் சரக்கு அனுப்பும் நெருக்கடி, காலாண்டு முடிவில் கணக்கு, தணிக்கை என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு கடினமான வாரம் இருக்கும். பத்தாம் வாரம் அதில் விழுகிறதா என்று ஒரு வரியில் கேட்டுவிடலாம்.

பெரிய பதவியில் இருப்பவரை அழைப்பதா, தினமும் அந்த வேலையைச் செய்பவரையா?

பாடத்தின் நடுவே வைக்கும் விரிவுரைக்கு இரண்டாமவரைத்தான் அழைப்பேன். ஐந்து முதல் பத்தாண்டு அனுபவம் உள்ள பொறியாளர் போன வாரம் எந்த இயந்திரம் தறிகெட்டது, அதை எந்தப் புள்ளியில் கண்டுபிடித்தார் என்று சொல்வார். தலைமைப் பதவியில் இருப்பவர் துறையின் எதிர்காலம் பற்றிப் பேசுவார். அதுவும் தேவைதான், ஆனால் அதற்குப் பருவத் தொடக்க விழா போன்ற மேடை பொருத்தம். அதற்காக ஒருவருடைய பீரியடைக் கடன் வாங்க வேண்டாம்.

ஆளைத் தேட முன்னாள் மாணவர்களிடமும், நம் மாணவர்கள் உள்ளகப் பயிற்சிக்குப் போன இடங்களில் அவர்களை மேற்பார்வை செய்தவர்களிடமும் தொடங்குங்கள். நம் மாணவர்களுக்கு என்ன தெரியும், எங்கே தடுமாறுவார்கள் என்று அந்த மேற்பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரியும்.

அழைப்புக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

முதலில் அலைபேசியில் ஐந்து நிமிடம் பேசி, விருப்பம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பிறகு துறையின் அலுவல் மின்னஞ்சலிலிருந்து கடிதம் அனுப்புங்கள். சொந்த முகவரியிலிருந்து போகும் கடிதத்தைக் காட்டி அவரால் மேலதிகாரியிடம் அனுமதி கேட்க முடியாது. கல்லூரியின் பெருமைகளைச் சொல்லும் முதல் பத்தியை வெட்டிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

> பொருள்: மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்களுக்குக் கண்ட்ரோல் சார்ட் குறித்த சிறப்பு விரிவுரை
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நேற்று அலைபேசியில் பேசியதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன். எங்கள் மாணவர்கள் சுமார் 120 பேர், சராசரிக்கும் வீச்சுக்கும் உரிய கண்ட்ரோல் சார்ட் வரையக் கற்றிருப்பார்கள். பாடநூல் எண்களை வைத்து மட்டுமே செய்திருப்பார்கள். உற்பத்தித் தளத்தில் ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை, நீங்கள் கண்ட இரண்டு மூன்று நிகழ்வுகளின் வழியே சொல்ல வேண்டுகிறோம்.
>
> பேச்சு 55 நிமிடம், கேள்விகள் 25 நிமிடம். பத்தாம் வாரத்தில் செவ்வாய் அல்லது வியாழன், காலை 11:00 முதல் 12:40 வரை அரங்கத்தை உங்களுக்காக வைத்திருக்கிறோம். தேதிகள் கீழே உள்ளன. இரண்டில் எது வசதி என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் அட்டவணையை உறுதி செய்துவிடுவோம்.
>
> பயணச் செலவும் மதிப்பூதியமும் கல்லூரி வழங்கும், விவரம் இணைப்பில். உங்கள் ஒப்புதல் இன்றி பேச்சைப் பதிவு செய்யமாட்டோம். நிறுவன அனுமதிக்குத் தனிக் கடிதம் தேவையென்றால் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறோம்.
>
> இப்படிக்கு,
> பாட ஆசிரியர் (பெயர், அலைபேசி எண்)
> நகல்: துறைத் தலைவர்

கடிதத்தில் மிக முக்கியமான வரி "கற்றிருப்பார்கள்" என்று முடிவது. அது இல்லாவிட்டால் பேச்சாளர் மாணவர்களுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து அடிப்படையிலிருந்தே தொடங்குவார், நாற்பது நிமிடம் அதிலேயே போய்விடும். தேதிகளை எழுதும்போது கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டில் ஒன்று தவறாக இருந்தால் அவர் உடனே கேட்பார்.

தலைப்பை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாமா?

வேண்டாம். விட்டுவிட்டால் "தொழில்துறையின் இன்றைய போக்குகள்" என்ற பேச்சுதான் வரும், ஏனென்றால் வேறு எங்கோ பேசிய படவில்லைகள் அவரிடம் தயாராக இருக்கும். பாடநூல் சொல்ல முடியாத ஒரு கேள்வியை அவரிடம் கொடுங்கள்.

கண்ட்ரோல் சார்ட்டையே பாருங்கள். 1924-இல் பெல் குழுமத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் முன்வைத்த முறை அது. சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்டவிலக்கத் தொலைவில் எல்லை போடுவதை வகுப்பில் நாமே சொல்லித் தந்துவிடலாம். எந்தக் கோளாறும் இல்லாதபோதும் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று புள்ளிகள் வெளியே விழும் என்பதையும் சொல்லலாம். ஆனால் இரவு ஷிப்டில் ஒரு புள்ளி வெளியே விழும்போது இயந்திரத்தை நிறுத்துவதா வேண்டாமா, நிறுத்தினால் உற்பத்தி மேலாளரிடம் என்ன சொல்வது, அதுவரை செய்த பாகங்களை எந்த இடத்திலிருந்து பின்னோக்கிச் சோதிப்பது என்பதை அங்கே நின்றவர்தான் சொல்ல முடியும். அந்தக் கேள்வியையே தலைப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

முடிந்தால் உண்மையான அளவீடுகளைக் கேட்டு வாங்குங்கள்: ஐந்து ஐந்தாக எடுத்த 25 தொகுதிகள், பாகத்தின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் நீக்கியவை. விரிவுரைக்கு முந்தைய வாரம் மாணவர்கள் அதை வரைந்துகொண்டு வந்தால், "பதினெட்டாவது தொகுதியில் என்ன நடந்தது சார்?" என்று அவர்களே கேட்பார்கள்.

கடிதம் போய் பத்து நாள் ஆயிற்று, பதில் இல்லை. எவ்வளவு காத்திருப்பது?

கெடு நாள் தாண்டினால் ஒரு குறுஞ்செய்தி, மூன்று நாள் கழித்து ஒரு அழைப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டாவது ஆளுக்கு எழுதலாம், ஆனால் முதலாமவரிடம் "இந்தப் பருவத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம், அடுத்த பருவம் பேசுவோம்" என்று தெரிவித்துவிட்டுத்தான். ஒரே நேரத்துக்கு இருவரை அழைத்து இருவருமே சம்மதித்துவிட்டால் அந்தச் சங்கடத்துக்கு மருந்தில்லை.

"எங்கள் நிறுவனத்தில் அனுமதி வாங்க வேண்டும்" என்கிறார். இது நாசூக்காக மறுப்பதா?

பெரும்பாலும் இல்லை. பெரிய நிறுவனங்களில் வெளியே பேசுவதற்கு மேலதிகாரியின் ஒப்புதலும், படவில்லைகளைச் சட்டப் பிரிவோ மக்கள் தொடர்புப் பிரிவோ பார்ப்பதும் வழக்கமான நடைமுறை. இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நாம் செய்யக்கூடியது, அவர் தன் மேலதிகாரிக்கு அப்படியே அனுப்பக்கூடிய அரைப் பக்கக் கடிதம் ஒன்று: என்ன பேச்சு, யார் கேட்பார்கள், பதிவு உண்டா, ஊடகம் வருமா. கடைசி இரண்டுக்கும் "இல்லை" என்று பதில் இருந்தால் அனுமதி விரைவில் கிடைக்கும்.

பதிவு செய்தே ஆக வேண்டும் என்று கல்லூரியில் யாராவது சொன்னால், பேச்சை மட்டும் பதிந்து கேள்வி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். கேமரா ஓடும்போது தோல்விக் கதைகளைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

மதிப்பூதியம் பற்றி எப்போது பேசுவது?

கடிதத்திலேயே. தொகை சிறியதாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள், இல்லை என்றால் இல்லை என்றும் சொல்லிவிடுங்கள். சிலருக்கு நிறுவன விதிப்படி பணம் வாங்கக் கூடாது, அவர்களும் இதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். பணம் வழங்கத் தேவையான படிவத்தையும் வங்கி விவரக் கேட்பையும் விரிவுரைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

100 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

அறிமுகத்துக்கு ஐந்து, பேச்சுக்கு 55, கேள்விகளுக்கு 25, மிச்சம் 15 நிமிடம் எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். வாசலில் பாதுகாவலரிடம் அவர் பெயர் சொல்லப்படாமல் நின்றது, மடிக்கணினி புரொஜெக்டரோடு ஒத்துப்போகாதது, இதெல்லாம் அந்தப் பதினைந்தில்தான் கரையும். படவில்லைகளை முந்தைய நாளே வாங்கி அரங்கக் கணினியில் போட்டு ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி நேரம் மௌனமாகப் போகும் என்ற பயம் நியாயமானது. 120 பேர் நடுவே எழுந்து கேட்க யாரும் முதலில் துணியமாட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பேரிடம் முன்கூட்டியே கேள்விகளை எழுதி வாங்கிப் பேச்சாளருக்கு அனுப்பிவிடுங்கள். முதல் இரண்டு கேள்விகள் போனதும் மற்றவர்கள் தானாகக் கை உயர்த்துவார்கள். அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்தை விழுங்குவது நம் வழக்கம். பரிசை உணவு இடைவேளையில் துறைத் தலைவர் அறையில் கொடுத்துக்கொள்ளலாம்.

முந்தைய நாள் மாலை "நாளை வர முடியவில்லை" என்றால்?

ஆலையில் வேலை செய்பவருக்கு இது நடக்கும். வாடிக்கையாளர் புகார் ஒன்று வந்தால் தரப் பிரிவுக்காரர்தான் முதலில் ஓட வேண்டும். அவர் ஆன்லைனில் அரை மணி நேரம் பேச முடியுமா என்று கேளுங்கள். அதுவும் முடியாதென்றால், வகுப்புகளைப் பழைய அட்டவணைக்குத் திருப்ப முயலாதீர்கள். திருப்பித் தரும் பீரியட்கள் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டன, ஒன்றைக் கலைத்தால் நான்கும் கலையும். இரண்டு பிரிவுகளையும் அதே அரங்கத்தில் உட்காரவைத்து, அந்த 25 தொகுதி அளவீடுகளைக் குழுக் குழுவாக அலசச் சொல்லுங்கள். பாட ஆசிரியர் நடத்தினால் போதும். எந்தத் தொகுதியில் கோளாறு, ஏன் என்று அவர்கள் எழுதிய விடைகளை, பதினொன்றாம் வாரம் பேச்சாளர் வரும்போது அவர் கையில் கொடுக்கலாம்.

அந்த மாற்று நேரத்துக்கும் இரண்டு ஆசிரியர்களிடம் புதிதாகக் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பேச்சாளர் வெளிநாட்டில் இருக்கிறார், ஆன்லைனில் பேசுகிறார். நேரக் குழப்பம் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

"உங்கள் நேரப்படி காலை ஏழு" என்று மனக்கணக்காகச் சொல்லாதீர்கள். நாட்காட்டி அழைப்பை அனுப்புங்கள், அது அவரவர் நேரத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். கடிதத்தில் எழுதும்போது ஊர்ப் பெயரையும் `UTC+1` போன்ற குறியையும் சேர்த்து எழுதுங்கள்.

சிக்கல் வருவது கடிகாரத்தை மாற்றும் நாடுகளில். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் இது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிப்ரவரியில் பேசி முடித்த நேரம், ஏப்ரல் விரிவுரையன்று ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும். உங்கள் விரிவுரை அந்த நாட்களுக்கு அந்தப் பக்கம் விழுந்தால், முந்தைய வாரம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டும் வரத் தயார் என்கிறார். இதே தலைவலி மீண்டும் வேண்டுமா?

வேண்டாம், அட்டவணை போடும்போதே வேலையை முடித்துவிடலாம். பருவம் தொடங்கும் முன் அட்டவணைப் பொறுப்பாளரிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: நூலக நேரம், வழிகாட்டி ஆசிரியர் நேரம் என்று பாடம் நடக்காத பீரியட்கள் வாரத்தில் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றில் ஒன்றை இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே நேரத்தில், வியாழன் நான்காம் பீரியடில் போடச் சொல்லுங்கள். மூன்றாம் பீரியடில் ஒரு பிரிவுக்குத் தரக் கட்டுப்பாடு வந்தால், விரிவுரை நாளன்று மற்ற பிரிவின் ஒரே ஒரு பீரியடை மட்டும் கடன் வாங்கினால் போதும்.

பொறுப்பாளருக்கு இதில் கூடுதல் சுமை அதிகம் இல்லை. அந்த நேரங்களுக்கு ஆய்வகமோ வெளித்துறை ஆசிரியரோ தேவைப்படாததால், அவர் கடைசியில் நிரப்பும் கட்டங்கள் அவைதான். பாடங்களை எல்லாம் அடுக்கிய பிறகு போய்க் கேட்டால் மட்டும் கோபப்படுவார்.